பழைய குடியரசுத் தலைவருக்கு அழைப்பிதழ்: சாட்பாட்டுக்குத் தேடல் கருவி கொடுத்தும் தவறு ஏன்?

கோவில் செயலர் (குவாத்ர் போர்ன்) | 3 ஜூன் 2025, காலை 8.40

எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸில் உள்ள எங்கள் கோவிலின் மண்டபத் திறப்பு விழாவுக்குப் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அழைப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடிதம் எழுதித் தருவதற்கென்று என் அக்காள் மகன் ஒரு சாட்பாட்டை எங்கள் கணினியில் அமைத்துக் கொடுத்திருக்கிறான். ஒரு நிறுவனத்தின் மொழி மாதிரியை ஏபிஐ வழியாக அழைக்கும் சின்ன நிரல் அது. முதல் முறை கேட்டபோது பழைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் பெயருக்கு மிக அழகான கடிதம் எழுதித் தந்தது. 2024 நவம்பர் 10 தேர்தலில் அவர் கூட்டணிக்கு நேரடித் தொகுதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது இந்தத் தீவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அக்காள் மகனைக் கூப்பிட்டேன். "மாமா, அதற்குச் செய்தி தெரியாது, தேடல் கருவியை இணைத்துவிடுகிறேன்" என்று சொல்லி இணைத்தான். மறுபடியும் கேட்டேன். இந்த முறை பிரதமர் நவீன் ராம்கூலம் என்று சரியாக வந்தது. ஆனால் அதே பதிலில் குடியரசுத் தலைவர் கடிதம் பிரித்விராஜ்சிங் ரூபுன் பெயருக்குப் போயிருந்தது. அஞ்சலில் போடும் முன் பொருளாளர் பார்த்ததால் மானம் தப்பியது. 2024 டிசம்பரிலேயே தரம் கோகுல் வந்துவிட்டாரே!

இணையத்தைப் பார்க்கக் கண் கொடுத்த பிறகும் ஒரு பெயர் சரியாகவும் ஒரு பெயர் தவறாகவும் வருவது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரோஸ் ஹில் தம்பி | 3 ஜூன், காலை 9.15

அண்ணா, இது எளிது. இந்த மாதிரிகள் ஒரு தேதி வரைக்கும்தான் படித்திருக்கும். அதற்குப் பின் நடந்தது எதுவும் தெரியாது. தேடல் கருவியை இணைத்துவிட்டால் அது இணையத்தைப் படித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உங்களுடையது இன்னும் முழுதாகப் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள். இன்றைய தேதியையும் அதற்குச் சொல்லிவையுங்கள், சரியாகிவிடும்.

---

போ பாசேன் தாத்தா | 3 ஜூன், காலை 9.52

எனக்கும் இதே தொல்லை. நேற்று மாலை என் பேரன் பெயரையும் அவன் பிறந்த நட்சத்திரத்தையும் அதற்குச் சொன்னேன். மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. இன்று காலை புது உரையாடல் திறந்து கேட்டால் "தங்கள் பேரனைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை" என்கிறது. நேற்று நடந்ததே தெரியாத ஒன்றுக்கு நவம்பரில் நடந்தது எப்படித் தெரியும்?

---

மோக்கா மழை | 3 ஜூன், பகல் 12.30

எபேனில் இந்த வேலையைத்தான் செய்கிறேன், மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

ரோஸ் ஹில் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஒரு தேதியோடு பயிற்சி நின்றுவிடும். பயிற்சி என்பது கோடிக்கணக்கான பக்கங்களை ஓட்டி, அவற்றிலிருந்து ஒரு பெரிய எண் தொகுதியைச் செதுக்குவது. வேலை முடிந்ததும் அந்த எண்கள் உறைந்துவிடும். அதன் பிறகு அதைப் பழக்குவதும் சோதிப்பதும் என்று சில மாதங்கள் போகும். ஆகவே வெளியாகும் நாளிலேயே அது கொஞ்சம் பழையதுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது அதன் அறிவு 2021 செப்டம்பரோடு நின்றிருந்தது நினைவிருக்கலாம். இங்கிலாந்து ராணி இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைக் கேட்டால் அவர் உயிரோடு இருப்பதாகத்தான் பதில் வரும்.

ஆனால் "தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்" என்பது தவறு. தேடல் கருவியை இணைத்தாலும் அந்த எண்களில் ஒன்றுகூட மாறாது. இரண்டு நாள் காத்திருந்தாலும் மாறாது, இரண்டு வருடம் காத்திருந்தாலும் மாறாது.

நடப்பது இதுதான். மாதிரி தானாக இணையத்துக்குப் போவதில்லை. செயலர் அண்ணாவின் கணினியில் ஓடும் நிரல், ஒவ்வொரு கேள்வியோடும் "உனக்கு web_search என்று ஒரு கருவி உண்டு, புதுச் செய்தி தேவையானால் பயன்படுத்து" என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. தேவை என்று மாதிரிக்குத் தோன்றினால், பதில் எழுதுவதற்குப் பதிலாக இப்படி ஒன்றை எழுதும்:

```json
{"name": "web_search",
 "input": {"query": "Prime Minister of Mauritius 2024"}}
```

இது வெறும் எழுத்து, ஒரு வேண்டுகோள். இதைப் பார்த்த நிரல் ஒரு தேடல் சேவையிடம் கேட்டு, வந்த ஐந்தோ பத்தோ முடிவுகளைத் தலைப்பு, முகவரி, சில வரிகள் என்று உரையாடலுக்குள் ஒட்டும். மாதிரி அதையும் நம் கேள்வியையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பதிலைத் தொடரும். அவ்வளவுதான். தேர்வு எழுதும் பையன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தது போல. சீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவான், மற்றக் கேள்விகளுக்கு நினைவிலிருந்து எழுதுவான். உரையாடல் முடிந்ததும் சீட்டு குப்பைக்குப் போகும்.

தாத்தா, உங்கள் பேரன் விஷயம் வேறு. அது உரையாடலுக்கு உரையாடல் நினைவு கடத்தப்படாததால் வருவது. ஒரு விதத்தில் இதற்கு உறவுதான்: தேடிக் கொண்டுவந்த செய்தியும் உங்கள் பேரன் பெயரைப் போலவே அடுத்த உரையாடலில் இருக்காது. அடுத்த முறை மறுபடியும் தேட வேண்டும்.

செயலர் அண்ணா, குடியரசுத் தலைவர் பெயருக்கு அது தேடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் அக்காள் மகனின் நிரல் பதிவு வைத்திருந்தால், அந்த உரையாடலில் எத்தனை web_search இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் அப்படியே போடுங்கள்.

---

கோவில் செயலர் (குவாத்ர் போர்ன்) | 3 ஜூன், மாலை 6.05

பதிவைத் திறந்து பார்த்தோம். ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எழுதிக் காட்டியது போலவே பிரதமரைப் பற்றியது, கடைசியில் 2024 என்றும் போட்டிருக்கிறது. குடியரசுத் தலைவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

நான் கேட்டது: "எங்கள் கோவில் மண்டபத் திறப்பு விழாவுக்கு நம் புதிய பிரதமருக்கும், ரெடுயி மாளிகையில் குடியரசுத் தலைவருக்கும் தனித்தனியே அழைப்புக் கடிதம் எழுது."

---

மோக்கா மழை | 3 ஜூன், இரவு 8.20

கேள்வியிலேயே விடை இருக்கிறது. பிரதமருக்கு முன்னால் "புதிய" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்தான் தேட வைத்தது. குடியரசுத் தலைவருக்கு அப்படி எந்தச் சொல்லும் இல்லை.

மாதிரிக்குத் "தெரியாது" என்ற உணர்வு எளிதில் வருவதில்லை. மொரீசியஸ் குடியரசுத் தலைவர் என்றால் ரூபுன் என்று அது படித்த பக்கங்கள் ஏராளம். 2019 டிசம்பரிலிருந்து அவர்தான் பதவியில் இருந்தார். பெயர் தடையில்லாமல் வருகிறது. தடையில்லாமல் வருவதை ஏன் தேட வேண்டும்? தெரியாத ஒன்றைக் கேட்டால் தேடும். தெரியும் என்று நினைக்கும் பழைய செய்தியில்தான் மாட்டிக்கொள்ளும். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று 1998 இல் எழுந்த சண்டையைப் பற்றிக் கேளுங்கள், நினைவிலிருந்து சொல்வது இன்றும் செல்லும். பதவிப் பெயர் அப்படியல்ல, ஆள் மாறும். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கும் முத்திரை எதுவும் அந்த எண்களுக்குள் இல்லை. "இது இந்தத் தேதி நிலவரம்" என்ற குறிப்போடு அது எதையும் சேர்த்து வைத்திருப்பதில்லை.

இன்னொன்று: பயிற்சி நின்ற தேதியை ஒரு கோடு என்று எண்ணாதீர்கள். ஒரு நிகழ்ச்சி நடந்த வாரத்தில் எழுதப்படுவது கொஞ்சம்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் அதைப் பற்றிய பக்கங்கள் பெருகும். ஆகவே கடைசிச் சில மாதங்கள் மாதிரிக்குள் மங்கலாகத்தான் இருக்கும். உனக்கு எதுவரை தெரியும் என்று அதையே கேட்டால், பல நேரம் உண்மையான தேதிக்கு முன்னால் ஒரு மாதத்தைச் சொல்லும்.

தம்பி சொன்ன தேதி யோசனைக்கு வருகிறேன். அது பாதி மருந்து. இந்தப் பதிவில் தேடல் சொற்களில் 2024 என்று இருப்பதைப் பாருங்கள். நாம் இருப்பது 2025. தேதி சொல்லப்படாத மாதிரி, தன் பயிற்சி முடிந்த காலத்தை ஒட்டியே இன்றைய நாள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். 2024 இல் பத்து மாதத்துக்கு மேல் ஜக்நாத்தான் பிரதமர். அந்த ஆண்டைப் போட்டுத் தேடினால் இருவர் பெயரும் வரும். உங்களுக்குச் சரியாக வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டமும்கூட. ஆகவே தேதியைச் சொல்வது தேடலைச் சரிப்படுத்தும். ஆனால் தேதி மட்டும் சொல்லித் தேடல் இல்லாவிட்டால், "இன்று 2025 ஜூன் 3, பிரதமர் ஜக்நாத்" என்று கூசாமல் எழுதும்.

---

ரோஸ் ஹில் தம்பி | 3 ஜூன், இரவு 8.41

சரி, புதுப்பித்துக்கொள்ளும் என்றது தவறுதான். ஆனால் நான் அதனிடம் "ராம்கூலம்தான் பிரதமர்" என்று திருத்தியபோது "நன்றி, குறித்துக்கொண்டேன்" என்றதே?

---

மோக்கா மழை | 3 ஜூன், இரவு 8.55

மரியாதைக்குச் சொன்னது, தம்பி. அந்த உரையாடல் முடியும் வரை உங்கள் வாக்கியம் அதன் முன்னால் இருக்கும், அதுவரை சரியாகச் சொல்லும். அப்படிப்பட்ட உரையாடல்களைச் சேர்த்து எதிர்காலத்தில் வேறொரு மாதிரியைப் பயிற்றலாம். அது வேறு கதை, நீங்கள் பேசிய மாதிரிக்கு ஒன்றும் ஆகாது.

---

டர்பன் மளிகை | 4 ஜூன், காலை 7.10

தேடல் இருந்தால் நல்லது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குத் தேடல் இருந்ததால்தான் நட்டம்.

சாட்ஸ்வர்த்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இங்கே வாட் வரி 2018 ஏப்ரலிலிருந்து 15 விழுக்காடு. இந்த மார்ச் 12 ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் அரை விழுக்காடு கூட்டி, மே 1 முதல் 15.5 என்று நிதியமைச்சர் அறிவித்தார். கட்சிகளுக்குள் பெரிய சண்டை. ஏப்ரல் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை இரவு, சாட்பாட்டிடம் கேட்டேன்: "தென்னாப்பிரிக்காவில் மே 1 வாட் உயர்வுக்கு என் கடை பில் இயந்திரத்தில் என்ன மாற்ற வேண்டும்?" தேடல் பொத்தானையும் அழுத்தித்தான் கேட்டேன். மூன்று இணைப்புகளோடு பதில் வந்தது. 15.5 ஆக மாற்ற வேண்டும், எந்தப் பொருளுக்கு வரி இல்லை, பழைய விலைச்சீட்டை எப்படி மாற்றுவது என்று பக்கம் பக்கமாக.

நானும் திங்கட்கிழமை ஆளை வரவழைத்து, பணம் கொடுத்து மாற்றினேன். மறுநாள் என் கணக்கர் போனில் சிரிக்கிறார். 24 ஆம் தேதியே அந்த உயர்வைக் கைவிட்டுவிட்டார்களாம், 15 அப்படியே தொடருமாம். மறுபடியும் ஆள், மறுபடியும் பணம்.

வேடிக்கை என்ன தெரியுமா? தேடல் இல்லாமல் என் மகள் தன் போனில் கேட்டாள். "15 விழுக்காடு" என்று ஒரே வரியில் சரியாகச் சொன்னது!

---

சேன் பியேர் ஆசிரியை | 4 ஜூன், காலை 9.30

ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். டர்பன் அண்ணா, உங்கள் மகளுக்கு வந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த மாதிரிக்கு மார்ச்சில் உயர்த்தியதும் தெரியாது, ஏப்ரலில் கைவிட்டதும் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் பழைய எண்ணே சரியாகிவிட்டது. உயர்வு நிலைத்திருந்தால் அதே "15" தவறாகியிருக்கும். அதை நம்பாதீர்கள்.

---

மோக்கா மழை | 4 ஜூன், பகல் 1.05

டர்பன் அண்ணா, உங்களுக்கு நேர்ந்தது செயலர் அண்ணாவுக்கு நேர்ந்ததன் மறுபக்கம். அங்கே தேடாததால் தவறு. இங்கே தேடியதால். நான் உங்கள் கேள்வியை ஊகத்தில் பிரித்துப் பார்க்கிறேன்.

"மே 1 வாட் உயர்வுக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்வு நடக்கப்போகிறது என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மாதிரி அதை அப்படியே ஆங்கிலத்தில் தேடல் சொற்களாக்கியிருக்கும்: `South Africa VAT increase 1 May 2025 till changes` என்பது போல. இந்தச் சொற்களுக்கு மிக நெருக்கமாக இருக்கும் பக்கங்கள் எவை? மார்ச் 12 க்கும் ஏப்ரல் 24 க்கும் இடையே கணக்குத் தணிக்கை நிறுவனங்களும் பில் மென்பொருள் விற்பவர்களும் எழுதிய வழிகாட்டிகள். ஆறு வாரம் எழுதிக் குவித்தார்கள். உயர்வு கைவிடப்பட்டது என்ற செய்தி வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கங்களில் "பில் இயந்திரத்தில் என்ன மாற்றுவது" என்ற பேச்சே இருக்காது, மாற்ற ஒன்றும் இல்லையே! ஆகவே உங்கள் கேள்விக்குப் பொருந்தாதவை என்று அவை கீழே தள்ளப்பட்டிருக்கும்.

அடுத்த படி இன்னும் மோசம். பல கருவிகள் முழுப் பக்கத்தைக் கொடுப்பதில்லை, இரண்டு மூன்று வரி மட்டும் கொடுக்கும். "மே 1 முதல் 15.5" என்று மூன்று சீட்டிலும் இருக்கிறது. வெளியான நாள் சில சீட்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. தேடல் முடிவும் தன் நினைவும் மோதினால் தேடல் முடிவை நம்பும்படிதான் மாதிரி பழக்கப்பட்டிருக்கிறது. ராம்கூலம் விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. உங்கள் விஷயத்தில் அதே பழக்கம் கவிழ்த்தது. மூன்று சீட்டும் ஒரே அறிவிப்பிலிருந்து பிறந்தவை என்பதால் அவை மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி மூன்று சட்டை போட்டு வந்தது.

எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? இணைப்பைத் திறந்து தேதி பார்ப்பதுதான் வழி. மூன்றும் ஏப்ரல் 24 க்கு முந்தியவையாக இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இன்னமும் உங்கள் உரையாடல் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். கேள்வியையும் உயர்வு என்ற சொல் இல்லாமல் கேட்டிருக்கலாம்: "2025 மே 1 அன்று தென்னாப்பிரிக்காவில் வாட் விகிதம் எவ்வளவு, கடைசி அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது?"

நாட்டுப் பெயரை விட்டுவிடாதீர்கள். எங்கள் தீவிலும் வாட் 15 தான். எந்த நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த 15 என்று பார்க்காமல் மகிழ்ந்துபோவோம்.

---

டர்பன் மளிகை | 4 ஜூன், மாலை 5.48

பார்த்தேன். இரண்டு இணைப்பு மார்ச் மாதத்தவை. மூன்றாவதைத் திறந்தால் தேதியே இல்லை, ஒரு பில் மென்பொருள் நிறுவனத்தின் பக்கம். இப்போது அதே பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் "உயர்வு கைவிடப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இருந்ததா, பிறகு போட்டார்களா, யாருக்குத் தெரியும்.

பந்தயத்தில் பாதி ஜெயித்துவிட்டீர்கள் அம்மா. என் பணம் வராது.

---

போ பாசேன் தாத்தா | 4 ஜூன், இரவு 7.15

அந்தக் காலத்தில் என் அப்பாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் கப்பலில் வரும். அத்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருப்பார்கள். அப்பா உடனே பணம் அனுப்புவார். பணம் போய்ச் சேரும்போது அத்தை எழுந்து நடமாடிக்கொண்டிருப்பாள். ஆனால் அப்பா ஒன்று செய்வார், கடிதத்தைப் பிரித்ததும் முதலில் தேதியைத்தான் பார்ப்பார். இந்த இயந்திரத்துக்கு அதைச் சொல்லிக் கொடுக்க முடியாதா?

---

மோக்கா மழை | 4 ஜூன், இரவு 7.50

முடியும் தாத்தா, ஓரளவுக்கு. செயலர் அண்ணாவின் அக்காள் மகனுக்காக இதை எழுதுகிறேன். மாதிரிக்கு ஒவ்வொரு முறையும் முன்னால் போகும் நிலையான அறிவுறுத்தலில் இதைச் சேர்க்கலாம். தேதியைக் கையால் எழுதக் கூடாது, நிரல் ஒவ்வொரு நாளும் தானாக நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் ஜூன் 4 தான் இருக்கும்.

```text
இன்றைய தேதி: 2025-06-04. இடம்: மொரீசியஸ்.
பதவியில் இருப்பவர் பெயர், வரி, கட்டணம், விடுமுறை நாள்:
இவற்றை நினைவிலிருந்து எழுதாதே.
ஒவ்வொன்றுக்கும் தனியாக web_search அழை.
நீ நம்பிய பக்கம் வெளியான தேதியைப் பதிலில் எழுது.
தேதி கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது.
```

"ஒவ்வொன்றுக்கும் தனியாக" என்ற வரிதான் உங்கள் குடியரசுத் தலைவருக்கானது. கடைசி இரண்டு வரி தாத்தாவின் அப்பாவுக்கானது. கீழ்ப்படியுமா என்றால், பெரும்பாலும் கீழ்ப்படியும், எப்போதும் அல்ல. பதிவைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

---

சேன் பியேர் ஆசிரியை | 4 ஜூன், இரவு 8.30

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எது மாறக்கூடியது என்பதை மாதிரியே முடிவு செய்ய விடுவதுதான் தவறின் வேர் என்று நீங்களே நேற்று சொன்னீர்கள். இப்போது ஒரு பட்டியல் கொடுத்து, பட்டியலில் சேருமா என்று மறுபடியும் அதையே முடிவு செய்ய விடுகிறீர்கள். என்ன கேட்டாலும் முதலில் தேடு என்று நிரலிலேயே கட்டாயப்படுத்திவிடலாமே?

---

மோக்கா மழை | 4 ஜூன், இரவு 9.10

கட்டாயப்படுத்த முடியும், பல ஏபிஐகளில் அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தேடலும் சில நொடிகள் பிடிக்கும், காசும் பிடிக்கும். "இந்தக் கடிதத்தில் பிழை திருத்து" என்று கேட்டாலும் எதையாவது தேடி, சம்பந்தமில்லாத ஐந்து சீட்டைக் கொண்டுவந்து, அதைப் பார்த்துக் கடிதத்தைக் கெடுக்கும். நான் பார்த்திருக்கிறேன். அதோடு, கட்டாயத் தேடல் டர்பன் அண்ணாவைக் காப்பாற்றியிருக்காது. அவர் தேடித்தானே ஏமாந்தார்.

---

சேன் பியேர் ஆசிரியை | 4 ஜூன், இரவு 9.24

கடிதம் எழுதும் கோவிலுக்கு நான்கு நொடி ஒரு பொருட்டா? பழைய ஆளுக்கு அழைப்பு போவதைவிட மெதுவாக வருவது மேல். நான் என் வகுப்பில் கட்டாயம் என்றே வைத்திருக்கிறேன், மாற்றப் போவதில்லை.

ஒன்றில் மட்டும் நானும் தேடலை நம்புவதில்லை. பிப்ரவரி 28 இல் கரான்ஸ் புயல் எங்கள் தீவைத் தாக்கிய நாளில், இப்போது எந்த எச்சரிக்கை நிலை என்று என் மாணவன் ஒருவன் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். வானொலி ஒன்று சொல்கிறது, அது வேறு சொல்கிறது. தேடல் சேவை அந்தப் பக்கத்தைக் கடைசியாக எடுத்து வைத்த நேரம்தான் அதற்கு "இப்போது". சில மணி நேரத்தில் மாறுவதற்கு அது உதவாது.

---

கோவில் செயலர் (குவாத்ர் போர்ன்) | 5 ஜூன், மாலை 7.00

அறிவுறுத்தலைச் சேர்த்தாயிற்று. "புதிய" என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே கேள்வியை ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புது உரையாடலில் கேட்டோம். நான்கு முறை பதிவில் இரண்டு web_search, இரண்டு பெயரும் சரி. ஒரு முறை ஒரே தேடலில் இரண்டையும் கேட்டது, அப்போதும் பெயர் சரியாகத்தான் வந்தது.

ஆனால் ஒரு விந்தை. பிரதமருக்கு அது காட்டிய பக்கம் ஒன்றைத் திறந்தால் அது 2010 ஆம் ஆண்டுப் பக்கம்! அதில் "பிரதமர் நவீன் ராம்கூலம்" என்று இருக்கிறது. பதில் சரி, ஆதாரம் தவறு. இதை என்னவென்று சொல்வது?

---

மோக்கா மழை | 5 ஜூன், இரவு 8.15

அருமையான பிடி. அவர் 1995 முதல் 2000 வரையும், 2005 முதல் 2014 வரையும் பிரதமராக இருந்தவர். அந்தக் காலப் பக்கங்களும் அதே பெயரைத்தான் சொல்லும். பெயர் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்தால் இந்த ஓட்டை தெரியாது. தேதியைப் பதிலில் எழுதச் சொல்லியிருந்தோமே, எழுதியதா?

---

கோவில் செயலர் (குவாத்ர் போர்ன்) | 5 ஜூன், இரவு 8.22

எழுதியது, 2010 என்றே எழுதியிருந்தது. நாங்கள்தான் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் கவனிக்கவில்லை. பொருளாளர்தான் மறுபடியும் கண்டுபிடித்தார். கடிதம் நாளை அஞ்சலில் போகிறது.

இன்னொரு கேள்வி. இதே சாட்பாட்டிடம் தமிழில் "அடுத்த வருடம் தைப்பூச விடுமுறை எந்த நாள்" என்று கேட்டால், தமிழிலேயே தேடித் தமிழ்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலைக் கொண்டுவருகிறது. அறிவுறுத்தலில் மொரீசியஸ் என்று இருந்தும் இப்படி. பிரெஞ்சில் கேட்டால் நம் நாட்டுப் பக்கம் வருகிறது. 2026 பிப்ரவரி 1 என்றுதான் இரண்டிலும் வந்தது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

---

ரோஸ் ஹில் தம்பி | 5 ஜூன், இரவு 8.40

தேடல் சொற்களை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுது, பதிலை மட்டும் தமிழில் எழுது என்று அறிவுறுத்தலில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள் அண்ணா. இந்த முறை நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மூன்றில் இரண்டு முறை நம் நாட்டுப் பக்கம் வந்தது.

---

போ பாசேன் தாத்தா | 5 ஜூன், இரவு 9.05

மூன்றாவது முறை எங்கே போனது, தம்பி?

---

ரோஸ் ஹில் தம்பி | 5 ஜூன், இரவு 9.07

மலேசியாவுக்கு, தாத்தா.